துக்கத்துக்கு ஆறுதல் சொல்லாமல் கேட்பது: நபர்மைய ஆலோசனையின் மூன்று அடிப்படைகள், ஓர் உரையாடலோடு

கவுன்சிலிங் படிப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்று விஷயங்களை மனப்பாடம் செய்துவிடுவோம்: ஒத்துணர்வு, உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதவும் வரும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து, "என்னால முடியல மேடம்" என்று சொல்லிவிட்டு அமைதியானால் அடுத்து வாயைத் திறந்து என்ன சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். இந்தக் கட்டுரை அந்தத் தடுமாற்றத்துக்கு மட்டும்தான். ஒரு பத்து நிமிட உரையாடலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலும் ஏன் அப்படி இருக்கிறது, வேறு மாதிரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. இந்த முறையை உருவாக்கிய கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) அமெரிக்க உளவியலாளர். தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்சஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே ஒரு தாய், அடங்காத தன் மகனுக்காக வந்துகொண்டிருந்தார். சிறுவயதில் அந்தத் தாய் மகனை ஒதுக்கியதுதான் பிரச்சினைக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் முடிவு கட்டி, அதை அவருக்குப் புரியவைக்கப் பல சந்திப்புகளில் முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை. "நாம் இருவரும் முயன்று பார்த்தோம், பலன் இல்லை, நிறுத்திக்கொள்ளலாம்" என்று ரோஜர்ஸ் சொல்ல, அவரும் ஒப்புக்கொண்டு எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா?" என்று கேட்டார். தருவோம் என்றதும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று தான் உணர்ந்த இடங்களில் இதையும் ரோஜர்ஸ் பிற்பாடு எழுதினார்.

1957-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஒருவரிடம் மாற்றம் வர ஆறு நிபந்தனைகள் தேவை என்றார். பாடப்புத்தகங்கள் அதில் ஆலோசகரைப் பற்றிய மூன்றைத்தான் எடுத்துப் பெரிதாகப் பேசும். மற்ற மூன்றில் முதல் இரண்டு எளியவை: இருவருக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்க வேண்டும், வந்தவர் உள்ளுக்குள் முரண்பட்டு, தவித்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசி ஒன்றைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆலோசகரின் ஒத்துணர்வும் மதிப்பும் கொஞ்சமாவது *வந்தவருக்குத் தெரிய வேண்டும்*. நான் மனதுக்குள் எவ்வளவு உருகினாலும் எதிரில் இருப்பவருக்கு அது எட்டவில்லை என்றால் கணக்கில் வராது. பின்னால் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன: ஆலோசகர் தன் ஒத்துணர்வுக்குத் தானே போடும் மார்க்கைவிட, கிளையன்ட் போடும் மார்க்தான் பலனை நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது. ஆகவே நம் ஒவ்வொரு பதிலும் சரியா தப்பா என்பதை, அதற்கு அடுத்து அவர் சொல்லும் வாக்கியத்தில்தான் பார்க்க வேண்டும். கீழே முழுக்க இதைத்தான் செய்யப்போகிறோம்.

உட்காருவதற்கு முன்

வழக்கமாக ஒரு சந்திப்பு ஐம்பது நிமிடம். எத்தனை மணிக்கு முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்வது வெளியே போகாது என்பதையும், எந்தச் சந்தர்ப்பத்தில் போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: உயிருக்கு ஆபத்து என்றால், இன்னொருவருக்கு ஆபத்து என்றால், குழந்தைமீது பாலியல் குற்றம் என்றால். மூன்றாவதை இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், நம் விருப்பம் இல்லை. இதை முதல் நாளில் சொல்லாமல் விட்டு, அவர் மனம் திறந்த பிறகு சொன்னால் உண்மைத்தன்மை அங்கேயே போய்விடும்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். அழும்போது கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்கு ஓர் இடம் வேண்டும். குறிப்பெடுக்கும் நோட்டை மூடி வைத்துவிடுங்கள். பேனா ஓடுவதும் நிற்பதும்கூட ஒரு கருத்துச் சொல்வதுதான். "இதை எழுதினாங்க, அதை எழுதல" என்று வந்தவர் கவனித்துக்கொண்டே இருப்பார்.

முதல் பகுதி: ஒத்துணர்வு

பயிற்சிக்காக எழுதிய உரையாடல் இது. வந்திருப்பவர் 38 வயதுப் பெண், தனியார் பள்ளி ஆசிரியை. பக்கவாதத்தில் படுத்த அம்மாவை மூன்று வருடம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. தூக்கம் வரவில்லை, உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவைத்தார். இது இரண்டாவது சந்திப்பு.

> அவர்: எல்லாரும் சொல்றாங்க மேடம், உன்னை மாதிரி யாரும் பாத்துக்க முடியாதுன்னு. துக்கம் விசாரிக்க வந்தவங்க அத்தனை பேரும் இதையேதான் சொன்னாங்க. *(நிறுத்தி)* அதைக் கேட்டாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது.
>
> ஆலோசகர்: அவங்க பாராட்டித்தான் சொல்றாங்க. ஆனா அதைக் கேக்கும்போது உங்களுக்கு உள்ள ஒரு மாதிரி ஆயிடுது.
>
> அவர்: ஆமா. இங்க *(நெஞ்சைத் தொட்டு)* அடைக்குது. எந்திரிச்சு உள்ள போயிடலாம் போல இருக்கும்.
>
> ஆலோசகர்: அங்க உக்கார முடியல. அவங்க கண்ணுல படாம இருந்தாத் தேவலைன்னு... அப்படியா, இல்ல வேற மாதிரியா?
>
> அவர்: கண்ணுல படாம... ஆமா. *(மெதுவாக)* அவங்களுக்குத் தெரியாது மேடம்.
>
> *(மௌனம்)*

முதல் பதிலில் ஆலோசகர் "ஒரு மாதிரி" என்பதை அப்படியே விட்டிருக்கிறார். "குற்ற உணர்ச்சியா?" என்றோ "கூச்சமா இருக்கா?" என்றோ பெயர் வைக்கவில்லை. என்னவென்று அவருக்கே இன்னும் பிடிபடாத ஒன்றை "ஒரு மாதிரி" என்கிறார். நாம் அவசரப்பட்டுப் பெயர் வைத்தால், படித்தவர் சொல்கிறாரே என்று அவர் ஒப்புக்கொண்டுவிடுவார், தேடுவது நின்றுபோகும். பெயர் வைக்காமல் விட்டதால் அவர் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார்: கை நெஞ்சுக்குப் போனது, "அடைக்குது" என்று வந்தது. நம் ஊரில் மனசு பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். வயிற்றைக் கலக்குது, தலை கனக்குது, கை கால் ஓடலை. அதை டாக்டரிடம் சொல்லும் நோய்க்குறி போல எடுத்துக்கொண்டு எத்தனை நாளாக என்று விசாரிக்கத் தேவையில்லை.

இரண்டாவது பதிலில் ஆலோசகர் ஓர் அடி முன்னே வைக்கிறார். "கண்ணில் படாமல் இருந்தால் தேவலை" என்று கிளையன்ட் சொல்லவே இல்லை. உள்ளே போய்விடலாம் போல இருக்கிறது என்றதிலிருந்து எடுத்தது. அதனால்தான் வாக்கியத்தை முடிக்காமல் இழுத்து, "இல்ல வேற மாதிரியா?" என்று மறுக்க ஒரு வழி விட்டிருக்கிறார். இது அலங்காரத்துக்குச் சேர்த்தது இல்லை. தன் பதில்களை 'உணர்ச்சியைப் பிரதிபலிப்பது' என்று மற்றவர்கள் அழைத்தது ரோஜர்ஸுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நான் புரிந்துகொண்டது சரியா என்று கிளையன்ட்டிடம் சரிபார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்றார். இந்தச் சரிபார்க்கும் எண்ணம் இல்லாமல் சொன்னதையே திருப்பிச் சொன்னால் அது கிளிப்பிள்ளைப் பேச்சு. வந்தவர் மூன்றாவது தடவையே "அதான் மேடம் சொன்னேன்" என்பார். அப்படி ஒருவர் சொன்னால் நாம் வார்த்தையைக் கேட்டோம், ஆளைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அவருடைய அடுத்த வாக்கியத்தைப் பாருங்கள். "கண்ணுல படாம" என்பதைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார், குரல் தாழ்ந்தது, அதுவரை வராத ஒன்று வந்தது: "அவங்களுக்குத் தெரியாது." பதில் சேர்ந்துவிட்டது என்பதற்கு இவைதான் அடையாளம். சேராத பதிலுக்கும் அடையாளம் உண்டு: "ஆமா ஆமா" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு அவர் சம்பவத்தைத் தொடர்வார், அல்லது விளக்கம் கொடுக்க ஆரம்பிப்பார், அல்லது கடிகாரத்தைப் பார்ப்பார்.

இந்த இடத்தில் "என்ன தெரியாது?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கக் கூடாது. அது அவர் வாசல்வரை தானே வந்து நிற்கும் இடம். மௌனத்தை எத்தனை நொடி விடுவது என்று புதியவர்கள் கேட்பார்கள். நொடிக்கணக்கு உதவாது, கண்ணைப் பாருங்கள். பார்வை கீழேயோ எங்கோ தூரத்திலோ இருந்தால் அவர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார், விட்டுவிடலாம். உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் தனியாக விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். "சொல்றது கஷ்டமா இருக்கு போல" என்கிற அளவில் ஏதாவது சொன்னால் போதும்.

இரண்டாம் பகுதி: நிபந்தனையற்ற மதிப்பு

> அவர்: அம்மா போன அன்னிக்கு... காலைல ஆறு மணி இருக்கும். மூச்சு நின்னுடுச்சுன்னு தெரிஞ்சதும் நான் முதல்ல அழல. 'அப்பாடா'ன்னு இருந்துச்சு மேடம். பெத்த தாய் செத்ததுக்கு எந்தப் பொண்ணாவது அப்பாடான்னு நினைப்பாளா?
>
> ஆலோசகர்: அந்த நிமிஷத்துல வந்தது 'அப்பாடா'தான். அப்புறம், இப்படி நினைச்ச நான் என்ன பொண்ணுன்னு உங்களையே கேட்டுக்கிட்டே இருக்கீங்க.
>
> அவர்: *(அழுகிறார்)* மூணு வருஷம் மேடம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், முதுகுல புண்ணு வந்துடக் கூடாதுன்னு. அலாரம் வச்சு எந்திரிப்பேன். ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினது இல்ல.
>
> ஆலோசகர்: ஒரு ராத்திரிகூட உங்களுக்குன்னு இல்ல.
>
> அவர்: இல்ல. ஒருநாள்... கோவத்துல வெடுக்குனு திருப்பிட்டேன். அம்மாவுக்கு வாய் பேச வராது. என்னைப் பாத்தாங்க. அவ்வளவுதான். அந்தப் பார்வை...
>
> ஆலோசகர்: அந்தப் பார்வை இன்னும் உங்க முன்னாடியே நிக்குது.
>
> அவர்: ம்.

"எந்தப் பொண்ணாவது நினைப்பாளா?" என்ற கேள்விக்கு நம் ஊர் நாக்கில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். மூன்றுமே அன்பானவை, மூன்றுமே இந்த இடத்தில் கதவைச் சாத்துபவை.

"சேச்சே, நீங்க எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்பது முதல் பதில். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னதும் இதேதான், அதைக் கேட்டுத்தான் அவருக்கு நெஞ்சு அடைத்தது. பாராட்டும் ஒரு தீர்ப்புதான் என்பது இந்த முறையில் புதியவர்களுக்கு மிகவும் கஷ்டமான பாடம். நல்ல மகள் என்று ஒருவரைப் பாராட்டும்போது, நல்ல மகளாக இருக்கும்வரைதான் உனக்கு மதிப்பு என்பதும் கூடவே போகிறது. சின்ன வயதிலிருந்து இப்படிச் சேர்ந்த நிபந்தனைகளைத்தான் ரோஜர்ஸ் மனிதரின் உள்முரணுக்குக் காரணமாகச் சொன்னார்: எந்த அனுபவத்தை ஒத்துக்கொண்டால் மதிப்புப் போய்விடுமோ, அந்த அனுபவத்தை மனிதர் தனக்கே மறைத்துக்கொள்கிறார். இங்கே மறைத்து வைத்தது "அப்பாடா". 'நிபந்தனையற்ற மதிப்பு' என்று இன்று நாம் சொல்லும் கருத்துக்குப் பெயர் கொடுத்தவர் ரோஜர்ஸின் மாணவர் ஸ்டான்லி ஸ்டாண்டல். 1954-இல் சிகாகோவில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில்.

"எல்லாருக்கும் வர்றதுதான், இது சகஜம்" என்பது இரண்டாவது. உண்மைதான், நெடுநாள் படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டவர்கள் பலருக்கும் இறப்பு ஒரு விடுதலையாகவும் தெரியும். இதைப் பிற்பாடு ஒரு சந்திப்பில் சொல்லலாம். ஆனால் வாய் திறந்த அடுத்த நொடியே சொன்னால், "சரி, இதுல பேச ஒண்ணும் இல்ல" என்று அவருக்குக் கேட்கும். வெடுக்கென்று திருப்பிய அந்த இரவு வெளியே வந்திருக்காது.

"அம்மா மன்னிச்சிருப்பாங்க" என்பது மூன்றாவது. இறந்தவர் சார்பில் பேச நமக்கு யார் உரிமை கொடுத்தது?

இவை எதையும் சொல்லாமல் ஆலோசகர் செய்தது, "அப்பாடா" என்ற வார்த்தையை அவர் வைத்த இடத்திலேயே, அதே எடையில், குரல் நடுங்காமல் திரும்பச் சொன்னது. அதைத் தன் வாயால் சொல்ல இன்னொருவருக்குக் கூச்சமில்லை என்று கண்டதும்தான் அழுகை வந்தது. அதற்கப்புறம் அதைவிடக் கனமானதும் வந்தது.

ஒரு சந்தேகம் இங்கே நியாயமாக எழும். பேச முடியாத ஒரு நோயாளியை வெடுக்கென்று திருப்பியதை ஆலோசகர் ஏற்றுக்கொள்கிறாரா? செயலுக்கு ஒப்புதல் கொடுப்பதும் ஆளை மதிப்பதும் வேறு வேறு. "அதனால என்ன" என்று ஆலோசகர் எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பார்வையின் கனத்தை அவர் குறைக்கவே இல்லை. அதைச் சுமந்துகொண்டிருப்பவர் மீது இருந்த மரியாதையும் குறையவில்லை.

இது நூற்றுக்கு நூறு யாருக்கும் வராது. 1966-இல் சார்லஸ் ட்ரூவாக்ஸ் என்ற ஆய்வாளர் ரோஜர்ஸ் நடத்திய சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளையே எடுத்து ஆராய்ந்தார். கிளையன்ட் சில வகையாகப் பேசும்போது ரோஜர்ஸின் கனிவும் ஒத்துணர்வும் கூடின, வேறு வகையாகப் பேசும்போது குறைந்தன. எந்தப் பேச்சுக்குக் கனிவு கூடியதோ, அவற்றில் பல வகைப் பேச்சு நாளடைவில் அதிகமாகவும் ஆனது. குருவுக்கே அப்படியென்றால், நம் தலையாட்டல் எங்கே வேகமாகிறது, "ம்" எங்கே வறண்டுபோகிறது என்று நாம் கவனித்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் பகுதி: உண்மைத்தன்மை

> அவர்: *(நிமிர்ந்து)* நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம் என்னைப் பத்தி? உண்மையச் சொல்லுங்க.
>
> ஆலோசகர்: சொல்றேன். அந்த ராத்திரியச் சொன்னப்போ எனக்கு உங்க அம்மாவை நினைச்சும் வலிச்சுது, உங்களை நினைச்சும் வலிச்சுது. உங்க மேல வெறுப்பு வரல. *(நிறுத்தி)* இதைக் கேக்க உங்களுக்குப் பயமா இருந்திருக்கும்.
>
> அவர்: *(நீண்ட மௌனம்)* அம்மாவை நினைச்சும்னு சொன்னீங்க பாருங்க. அதை யாரும் சொல்லல. எல்லாரும் என்னையேதான் பேசினாங்க. எனக்கு அம்மாகிட்ட சாரி கேக்கணும்னு இருந்துச்சு மேடம். கேக்கல.
>
> ஆலோசகர்: அப்பாடான்னு நினைச்சதைவிட, கேக்காம விட்டதுதான் அடைக்குதோ?
>
> அவர்: இல்ல... ரெண்டும்தான். இல்ல, இருங்க. அந்த அப்பாடா அம்மாவுக்கும் சேத்துத்தான் மேடம். அவங்களும் எவ்வளவு கஷ்டப்பட்டாங்க.
>
> ஆலோசகர்: ஓ, நான் சொன்னது இல்ல அது. உங்களுக்கு மட்டும் வந்த அப்பாடா இல்ல, அம்மாவுக்கும் சேத்து வந்தது.
>
> அவர்: *(மூச்சு விட்டு)* ஆமா. அம்மாவுக்கும் சேத்து.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் "நீங்க என்ன நினைக்கிறீங்கங்கிறதுதான் முக்கியம்" என்று திருப்பிவிடச் சில வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். இந்த நேரத்தில் அப்படித் திருப்பினால், தன்னைப் பற்றிக் கெட்டதாக நினைத்து அதை மறைக்கிறார் என்றுதான் அவருக்குப் படும். நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் வேண்டும். அந்தப் பதிலுக்கு மூன்று அளவுகோல் போதும்: உங்களுக்குள் அந்த நேரத்தில் உண்மையாக எழுந்ததாக இருக்கட்டும், அவரோடு சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும், இரண்டு மூன்று வாக்கியத்தில் முடியட்டும். முடித்ததும் பேச்சை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். இங்கே "பயமா இருந்திருக்கும்" என்பது அந்த வேலையைச் செய்கிறது.

"எனக்கும் எங்க அம்மா இப்படித்தான்..." என்று ஆரம்பித்தால் அதன் பெயர் உண்மைத்தன்மை இல்லை. அடுத்த ஐந்து நிமிடம் அவர் நமக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, ஆலோசகர் தன் வலியில் பாதியை மறைக்கவில்லை என்பது. கேட்டபோது அந்தத் தாயை நினைத்தும் அவருக்கு வலித்தது. அதை விழுங்கிவிட்டு "உங்க கஷ்டம்தான் எனக்குத் தெரியுது" என்று சொல்லியிருந்தால் கேட்க இதமாக இருந்திருக்கும். வாய் ஒன்றைச் சொல்ல முகம் இன்னொன்றைக் காட்டினால் அதை வந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னதால்தான் "அதை யாரும் சொல்லல" என்று வந்தது, அந்த வழியாக மன்னிப்புக் கேட்க நினைத்ததும் வந்தது. மனதில் தோன்றுவதையெல்லாம் கொட்டச் சொல்லவில்லை. லேசான சலிப்போ எரிச்சலோ வந்து போனால் விட்டுவிடலாம். அது சந்திப்புக்குச் சந்திப்பு திரும்ப வந்து, கேட்பதற்கே தடையாக நின்றால் அப்போது பேச வேண்டும். முதலில் உங்களுக்கு மேற்பார்வை செய்யும் மூத்த ஆலோசகரிடம், அப்புறம் தேவைப்பட்டால் கிளையன்ட்டிடம். கவனம் சிதறியிருந்தால் "மன்னிக்கணும், கடைசியாச் சொன்னது எனக்குப் பிடிபடல, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்பதும் உண்மைத்தன்மைதான், தலையாட்டிச் சமாளிப்பதைவிட நூறு மடங்கு மேல்.

அடுத்து ஆலோசகர் ஊகித்தது தவறு. கேட்காமல் விட்டதுதான் கனம் என்று நினைத்தார். அவர் "இல்ல, இருங்க" என்றார். இந்த "இல்ல, இருங்க" வந்தால் சந்தோஷப்படுங்கள். மேடம் சொன்னதை மறுக்கலாம் என்கிற தைரியம் அவருக்கு வந்திருக்கிறது, கூடவே தனக்குள் இருப்பதோடு நம் வார்த்தையை வைத்துப் பார்த்துப் பொருந்தவில்லை என்று கண்டிருக்கிறார். ஆலோசகர் தன் ஊகத்துக்கு வக்காலத்து வாங்காமல் உடனே விட்டுவிட்டார். "அம்மாவுக்கும் சேத்து" என்பது எந்த ஆலோசகரும் கொடுத்திருக்க முடியாத விளக்கம், அவரே கண்டெடுத்தது. மூச்சு இறங்கியதைப் பாருங்கள். அன்றைக்குத் தூக்கம் வந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் நெஞ்சு அடைத்த இடத்தில் ஏதோ அசைந்திருக்கிறது.

நீங்கள் பயிற்சி செய்ய

மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் பார்க்க. பேசுபவர் கற்பனைப் பாத்திரம் நடிக்க வேண்டாம்; தன் சொந்த விஷயத்தில் சின்னதாக, சொல்லத் தோதான ஒன்றை எடுக்கட்டும். நடிக்கும்போது அடுத்த வாக்கியம் மனசிலிருந்து வராது, கதையிலிருந்து வரும். பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது? பத்து நிமிடம் போதும். ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள்.

அப்புறம் அதில் நடுவிலிருந்து ஐந்து நிமிடத்தை எடுத்து, "ம்" உட்பட, ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். இது ரோஜர்ஸ் காட்டிய வழிதான்: 1942-இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு கிளையன்ட்டோடு நடந்த எட்டுச் சந்திப்புகளும் ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு எழுத்து அச்சாகின. மூடிய அறைக்குள் நடப்பதை அப்படித் திறந்து காட்டுவது அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். எழுதி முடித்ததும் உங்கள் ஒவ்வொரு பதிலின் பக்கத்திலும் அது கேள்வியா, அறிவுரையா, ஆறுதலா, பாராட்டா, புரிந்ததைச் சரிபார்த்ததா என்று குறியுங்கள். பிறகு உங்கள் வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, பேசியவரின் வரிகளை மட்டும் தொடர்ச்சியாகப் படியுங்கள். போகப் போக அவர் தனக்குள் போகிறாரா, அல்லது நமக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்பது அப்படிப் படிக்கும்போது பளிச்சென்று தெரியும். எந்த இடத்தில் பாதை மாறியது என்று கண்டுபிடித்து, கையை எடுத்து, அதற்கு முன் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பாருங்கள். முதல் பதிவுகளில் ஆறுதல்தான் நிறைய இருக்கும். கேள்விகளைக் குறைப்பதைவிட ஆறுதலைக் குறைப்பது நமக்குக் கஷ்டம், ஏனென்றால் அழுபவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது கல்நெஞ்சம் என்றே வளர்ந்திருக்கிறோம்.

எங்கே இது போதாது

இந்த நிபந்தனைகள் தேவையானவை மட்டுமல்ல, போதுமானவையும்கூட என்று 1957-இல் ரோஜர்ஸ் சொன்னார். தேவை என்பதை இன்று அனேகமாக எல்லா முறைக்காரர்களும் ஒத்துக்கொள்கிறார்கள், போதும் என்பதைப் பலர் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் ரோஜர்ஸ் குழுவினர் இந்த முறையைச் சோதித்தபோது எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவுகிறவருக்கு, பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு கழுவாமல் இருக்கப் பழக்கும் குறிப்பான சிகிச்சை இருக்கிறது. ஒத்துணர்வோடு கேட்டுக்கொண்டே இருப்பது அதற்கு ஈடாகாது. காதில் குரல் கேட்கிறது என்பவரை, சாப்பிடாமல் எழுந்திருக்காமல் வாரக்கணக்கில் கிடப்பவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, அதோடு சேர்த்து நீங்கள் பேசலாம்.

நாம் பார்த்த ஆசிரியை "நானும் அம்மாகூடவே போயிருக்கலாம்" என்று சொன்னால்? அப்போது மறைமுகமாகச் சுற்றி வராதீர்கள். "அந்த அளவுக்கு வலி" என்று புரிந்ததைச் சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்திலேயே "சாகணும்னு தோணுதா? அதுக்கு ஏதாவது வழி யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. வீட்டில் யாருக்குச் சொல்லலாம் என்று அவரோடு பேசி முடிவு செய்து, அவர் முன்னாலேயே போன் போடுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இரவில் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. நாள் முழுக்க, தமிழிலும் பேசலாம். முதல் சந்திப்பில் 'உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே சொல்வேன்' என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தால், இப்போது அதை ஞாபகப்படுத்திவிட்டு போனைக் கையில் எடுக்கலாம்.